தயிர் சாதத்துக்கு எவ்வளவு?

கேள்வி: நண்பர்களோடு ஓட்டலில் சாப்பிடும்போது ஒருவர் நிறைய ஆர்டர் செய்கிறார், ஒருவர் கொஞ்சமாக. சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து வரும் பில்லை யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் எப்படிப் பிரிப்பது?

பில்லில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, சர்வீஸ் சார்ஜும் வரியும் சேர்க்காத சாப்பாட்டுத் தொகை. இன்னொன்று, கடைசியில் கட்ட வேண்டிய தொகை. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு எண் வரும். ஒவ்வொருவரும் சாப்பிட்ட தொகையை அந்த எண்ணால் பெருக்கினால் அவரவர் பங்கு கிடைத்துவிடும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இதைத் தெரிந்துகொள்வதற்குள் நாங்கள் ஒரு நண்பனை இரண்டு வருடம் தொலைத்திருந்தோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர், கல்லூரியில் ஒரே வகுப்பு. விடுதியில் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம், இன்றைக்கும் அப்படித்தான். மன்னார்குடி, திருவாரூர், பாபநாசம், மாயவரம், நான் கும்பகோணம். பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை தஞ்சாவூரில் கூடுவது வழக்கம். சில வருடங்களுக்கு முன் அப்படிக் கூடியபோது, தங்கும் விடுதியோடு சேர்ந்த ஒரு ஏசி ஓட்டலுக்குப் போனோம்.

திருவாரூர் நண்டு மசாலாவும் மூன்று பரோட்டாவும் சொன்னான். மன்னார்குடிக்கு மட்டன் பிரியாணி, அப்புறம் ஒரு ஃபலூடா. எனக்கு சிக்கன் பிரியாணி. நடுவில் ஒரு தட்டு சிக்கன் 65 வைத்து நாங்கள் மூன்று பேரும் தின்றோம். மாயவரம் சைவம், அவனுக்கு நெய் ரோஸ்ட்டும் பன்னீர் பட்டர் மசாலாவும். பாபநாசம் சனிக்கிழமை கறி தொடமாட்டான், ஒரு தயிர் சாதம் போதும் என்றான். அந்த வருடம் அவன் வயலில் சம்பா இன்னும் அறுபடவில்லை. அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறினால்தான் கையில் காசு. எங்களில் யாரும் அதை யோசிக்கவில்லை.

சாப்பாடு மட்டும் 2,000 ரூபாய். அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 200. இரண்டும் சேர்ந்த 2,200க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 110. மொத்தம் 2,310. “ஆளுக்கு 462, ஜிபே பண்ணிடுங்கடா” என்றான் மன்னார்குடி. எல்லோரும் அனுப்பினோம். 120 ரூபாய் தயிர் சாதம் சாப்பிட்டவனும் 462 அனுப்பினான், ஒரு வார்த்தை பேசாமல். அடுத்த வருடம் கூப்பிட்டபோது “வயல்ல வேலை கெடக்கு மாப்ள” என்றான். அதற்கடுத்த வருடமும் அதே பதில்.

மாயவரம்தான் கண்டுபிடித்தான். பழைய பில்லின் போட்டோ அவன் போனில் இருந்தது. அதை வைத்து நானும் அவனும் திரும்பக் கணக்குப் போட்டோம்.

முதலில் சர்வீஸ் சார்ஜையும் வரியையும் மறந்துவிட்டு அவரவர் சாப்பிட்டதை மட்டும் எழுதினோம். சிக்கன் 65 தட்டு 240 ரூபாய், மூன்று பேர் தின்றது, ஆளுக்கு 80. அதைச் சேர்த்தால் திருவாரூர் 620, மன்னார்குடி 560, நான் 360, மாயவரம் 340, பாபநாசம் 120. கூட்டினால் 2,000 வர வேண்டும், வந்தது. இந்தக் கூட்டலைத் தவறவிடாதீர்கள். பில்லில் உள்ள சாப்பாட்டுத் தொகையோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு அயிட்டம் யார் கணக்கிலும் ஏறவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அது தண்ணீர் பாட்டிலாகவோ கடைசியில் வந்த காபியாகவோ இருக்கும். சில நேரம் நாம் கேட்காத ஒன்று பில்லில் ஏறியிருப்பதும் இங்கேதான் தெரியவரும்.

அப்புறம் 2,310ஐ 2,000ஆல் வகுத்தால் 1.155. இதுதான் அன்றைய பில்லின் பெருக்கல் எண். திருவாரூர் 620 × 1.155 = 716.10. மன்னார்குடி 646.80, நான் 415.80, மாயவரம் 392.70. பாபநாசம் 138.60. அவனிடம் நாங்கள் 323 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறோம்.

இந்த இடத்தில் பலர், “சாப்பாட்டை அவரவர் கட்டட்டும், சர்வீஸ் சார்ஜையும் வரியையும் மட்டும் சமமாகப் பிரிப்போம், அது பொதுச் செலவுதானே” என்பார்கள். நியாயம் போலத்தான் தெரியும். போட்டுப் பாருங்கள். கூடுதல் தொகை 310, ஆளுக்கு 62. தயிர் சாதக்காரருக்கு 120க்கு 62, அதாவது பாதிக்கு மேல். நண்டு மசாலாக்காரருக்கு 620க்கும் அதே 62, பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஓட்டல்காரர் தலைக்கு இவ்வளவு என்று போடவில்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் இத்தனை பைசா என்றுதான் போட்டார். பாபநாசம் தனியாக வந்து தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டிருந்தால் அவன் பில் 138.60தான் வந்திருக்கும். எங்களோடு உட்கார்ந்த காரணத்துக்காக அது ஏன் ஏற வேண்டும்? நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்வியைத்தான்: தனியாக வந்திருந்தால் அவருக்கு என்ன பில் வந்திருக்கும்?

இன்னொரு தவறு, 10-ம் 5-ம் கூட்டினால் 15 என்று எடுத்துக்கொண்டு 1.15ஆல் பெருக்குவது. எல்லோரும் அனுப்பிய பிறகு 2,300தான் சேரும், பணம் கட்டியவருக்குப் பத்து ரூபாய் கை நட்டம். காரணம், சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி போடப்படுகிறது. சதவீதங்களை நீங்களே கூட்டிக்கொண்டிருக்காமல், கடைசித் தொகையைச் சாப்பாட்டுத் தொகையால் வகுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. ரவுண்ட் ஆஃப், மொத்த பில்லுக்கும் கொடுத்த தள்ளுபடி எல்லாம் தானாகவே அதற்குள் வந்துவிடும். தள்ளுபடி இருந்தால் அதைக் கழிப்பதற்கு முந்தைய தொகையால் வகுங்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு அயிட்டத்துக்கு மட்டும் தள்ளுபடி என்றால் அதைச் சாப்பிட்டவர் தொகையில் முதலிலேயே கழித்துவிட வேண்டும்.

பெருக்கல் எண் ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். 2017 நவம்பர் 15 முதல் சாதாரண ஓட்டல்களுக்கு, ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீதம்தான். பில்லில் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று இரண்டு வரியாக இருக்கும். அறை வாடகை அதிகமுள்ள பெரிய விடுதிகளின் ஓட்டல்களில் 18 சதவீதம் இருக்கலாம். நம் பக்கத்துச் சின்ன மெஸ்கள் பலவற்றில் வரி என்ற வரியே பில்லில் இருக்காது. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் என்ற ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கும் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. அங்கே பெருக்கல் எண் 1, இலையில் இருந்ததுதான் கணக்கு. ஜிஎஸ்டி போட்டிருந்தால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும். ஒரு பில்லில் இந்தக் கணக்கு உடையும் இடம் மது. அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, வரி வேறு மாதிரி. அதை ஒரே எண்ணால் பெருக்கினால் குடிக்காதவர் தலையிலும் அந்த வரி ஏறும். தனி பில் போடச் சொல்லி, குடித்தவர்கள் மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அரசு வரி அல்ல, ஓட்டல் வைத்துக்கொள்ளும் பணம். வாடிக்கையாளரைக் கேட்காமல் அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறையை உறுதி செய்தது. ஆகவே, “அண்ணே, சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் கொடுங்க” என்று தாராளமாகக் கேட்கலாம். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஆனால் புதுப் பில்தான் வாங்க வேண்டும். ஒருமுறை ஓர் ஓட்டலில் பழைய பில்லிலேயே சர்வீஸ் சார்ஜைப் பேனாவால் அடித்துவிட்டு மீதியைக் கட்டச் சொன்னார்கள். ஜிஎஸ்டி அப்படியே இருந்தது. எங்கள் பில்லையே எடுத்துக்கொண்டால், 200ஐ மட்டும் அடித்தால் 2,110 வரும். சரியான தொகை 2,100. சர்வீஸ் சார்ஜ் போனால் அதற்குப் போட்ட வரி 10 ரூபாயும் போக வேண்டும். அப்போது பெருக்கல் எண் 1.05, பாபநாசத்தின் பங்கு 126.

பரிமாறியவருக்கு டிப்ஸ் வைப்பதை நாங்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் தண்ணீர் ஊற்றியதும் தட்டு எடுத்ததும் ஐந்து பேருக்கும் ஒன்றுதான். விருப்பப்பட்டவர்கள் கையில் இருக்கும் நோட்டை வைக்கிறோம்.

பொதுத் தட்டு விஷயத்தில் ஒன்று. யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதை ஆர்டர் சொல்லும்போதே பேசிவிடுங்கள். பில் வந்த பிறகு “நீயும் ரெண்டு துண்டு எடுத்தியேடா” என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்காது. ஒரு துண்டு ருசி பார்த்தவரை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த 323 ரூபாயை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து, கணக்கைப் போட்டோவாக எடுத்துக் குழுவில் போட்டு, பாபநாசத்துக்கு அனுப்பினோம். தனியாகவும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “பணத்துக்காக இல்ல மாப்ள, கேக்கவும் முடியல, வரவும் முடியல” என்றான். அந்தப் பொங்கலுக்கு வந்தான். இப்போது பில் வந்ததும் அதை அவன் கையில்தான் கொடுக்கிறோம். வகுத்து, பெருக்கி, ஒவ்வொரு தொகையையும் முழு ரூபாயாக்கிச் சொல்வான். அப்படி முழுமையாக்கும்போது ஒன்றிரண்டு ரூபாய் கூடலாம், குறையலாம். அன்றைய பில்லில் 2,311 வந்திருக்கும். அந்த ஒரு ரூபாய் கார்டு தேய்த்தவருக்கு.