பள்ளிச் சீருடைக்கு வளர்ச்சி விட்டு அளவு கொடுப்பது எப்படி?

கேள்வி: பையன் மூணாவது போறானுங்க. ஈரோட்டுல யூனிபார்ம் துணி எடுத்தாச்சு. சட்டை ரெண்டு வருஷமாச்சும் வரணும்னு மாமியார் சொல்றாங்க. மார்பு, உயரம், கை அளவுல எத்தனை இஞ்ச் கூட்டிக் கொடுக்கறதுங்க? (கோபியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நீங்கள் எதையும் கூட்டிக் கொடுக்காதீர்கள். உடம்பின் அளவை உள்ளபடி எழுதி, "இது உடம்பளவுங்க, வளர்ச்சிக்குத் தனியா விடுங்க" என்று டெய்லரிடம் சொல்லுங்கள். சட்டை தொளதொளவென்று போவது பெரும்பாலும் இதனால்தான்: அம்மா மூன்று இஞ்ச் கூட்டி எழுதுவார், அது உடம்பளவு என்று நினைத்து டெய்லர் வழக்கமான லூஸ் நாலு இஞ்சை அதன்மேல் சேர்ப்பார்.

பனியனோடு நிற்க வைத்து அளவெடுங்கள். அக்குளுக்குக் கீழே டேப்பைச் சுற்றும்போது முதுகுப் பக்கம் சரிந்துவிடும். பின்னால் போய் ஒருமுறை பாருங்கள். பையன் மூச்சை இழுத்துப் பிடித்து நெஞ்சை நிமிர்த்துவான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தால் சரியான அளவு கிடைக்கும்.

மார்பு 24 இஞ்ச் என்று வையுங்கள். லூஸ் நாலு, வளர்ச்சிக்கு ஒன்று, ஆக 29-க்குத் தைக்கலாம். இதற்குமேல் வேண்டியதைப் பக்கத் தையலுக்குள் துணியாக விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும், முன்துணி பின்துணி ஒவ்வொன்றிலும் வழக்கத்தைவிட அரை இஞ்ச் கூடுதலாக இருந்தால், அடுத்த வருஷம் பிரிக்கும்போது சுற்றளவில் இரண்டு இஞ்ச் கிடைக்கும். இந்த வயதில் பிள்ளைகள் வருஷத்துக்குச் சுமார் 5, 6 சென்டிமீட்டர் உயர்வார்கள். மார்பு அந்த வேகத்தில் பெருக்காது. அதனால் இது தாராளமாகப் போதும். அடர்நிறக் கட்டம் போட்ட துணியானால், பிரித்த இடம் வெளுக்காமல் கோடாகத் தெரியும். வெளிர் நிறத்தில் அவ்வளவு தெரியாது.

உயரத்தில் தாராளமாக இருங்கள். கழுத்தோரத் தோளிலிருந்து இடுப்புக்குக் கீழே, தொடை தொடங்கும் இடம் வரை அளந்து, வளர்ச்சிக்கு இரண்டு இஞ்ச் சேர்க்கச் சொல்லுங்கள். டக் இன் பண்ணுகிற சட்டைதானே, மிச்சம் டவுசருக்குள் போய்விடும். குட்டையாக இருந்தால்தான் கையைத் தூக்கும்போதெல்லாம் வெளியே வரும்.

தோளில் மட்டும் கை வைக்க வேண்டாம். அரை இஞ்சுக்குமேல் கூட்டினால் தோள் தையல் புஜத்தில் இறங்கி, அரைக்கை முழங்கையைத் தொடும், காலரும் ஒருபக்கம் இழுக்கும். பின்னால் இதைச் சரிசெய்யக் கையையே பிரித்துத் தைக்க வேண்டிவரும். கையைத் தோள் எலும்பின் முனையிலிருந்து அளந்து, விளிம்பில் ஒரு இஞ்ச் மடிப்பு விடச் சொன்னால் போதும்.

சுத்தப் பருத்தித் துணியானால் வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். தைத்த பிறகு சுருங்கினால், விட்ட வளர்ச்சி அதிலேயே போய்விடும்.