எல்லைச் செலவுக் கோடு சராசரிச் செலவுக் கோட்டை எங்க வெட்டுது, ஏன் அங்கதான் வெட்டுது

கேள்வி: "எல்லைச் செலவு கோடு எப்பவுமே சராசரிச் செலவு கோட்டை அதுட ஆகக் குறைஞ்ச புள்ளியிலதான் வெட்டுமாம். ஏன்? எல்லைச் செலவு அதுக்கு முன்னமே ஏறத் தொடங்கிடுதே, அப்ப சராசரியும் அங்கயே ஏறத் தொடங்கணும்தானே? ஏ/எல் படிக்கிறன், பாடமாக்கி வச்சிருக்கன், விளங்கேல்ல."

நான் மட்டக்களப்பில ஏ/எல் பொருளியல் கிளாஸ் எடுக்கிறன், இந்த ரெண்டாவது கேள்வி இருக்கே, "எல்லைச் செலவு ஏறினா சராசரியும் ஏறணும்தானே", இதுதான் உண்மையான சிக்கல், அது தெளிஞ்சா முதல் கேள்விக்கு விடை தானா வந்திடும். அதனால அங்க இருந்தே தொடங்குவம்.

எங்கட சித்தப்பா வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் எருமைத் தயிர் போடுறவர். அவர்ட வேலைய மனசில வச்சுத்தான் நான் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறது. எண்ணெல்லாம் கணக்கு லேசா வரட்டும் எண்டு நானா வச்சது, அவர்ட கணக்குப் புத்தகம் இல்ல. ஒரு பேட்ச் எண்டா பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, உறை ஊத்தி, 20 சட்டி வைக்கிறது. கொட்டில் வாடகை, வண்டி லீசிங், மாசச் சம்பள ஆள் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 12,000 ரூபா, ஒரு சட்டி போட்டாலும் போடாட்டியும் அது போகும், அதுதான் நிலையான செலவு. பால், விறகு, சட்டி, கூலி இதெல்லாம் பேட்ச் கூடக் கூடக் கூடுற செலவு.

இன்னொரு பேட்ச் போட மேலதிகமாப் போற செலவுதான் எல்லைச் செலவு, மொத்தச் செலவை பேட்ச் எண்ணிக்கையால வகுத்தா சராசரிச் செலவு. முதல் பேட்சுக்கு மேலதிகமா 10,000 போகுது, அடுப்பு குளிர்ந்து கிடக்கும், விறகு நிறைய விழும், ஒருத்தர் கிண்டுற நேரம் மற்றவர் சும்மா நிப்பார். ரெண்டாவதுக்கு 8,000, மூண்டாவதுக்கு 7,000, ஏனெண்டா அடுப்பு சூடா இருக்கு, ஒருத்தர் கிண்ட மற்றவர் சட்டி கழுவி அடுக்கிறார், வேலை ஒண்டோட ஒண்டு பொருந்திப் போகுது. நாலாவதில 8,000, அஞ்சாவதில 10,000, ஆறாவதில 12,000, ஏழாவதில 15,000. கொட்டில் அதே கொட்டில், அடுப்பு அதே அடுப்பு. சட்டி வைக்க இடம் காணாது, ஆறவிடுறதுக்கு காத்திருக்கணும், இருட்டின பிறகு ஓவர்டைம் குடுக்கணும், அவசரத்தில உறை சரியாப் பிடிக்காம கழிக்கிற சட்டியும் வரும். பாடப் புத்தகத்தில குறைந்து செல்லும் விளைவு எண்டு போட்டிருக்கிறது இதைத்தான்: மாறாத ஒரு வளத்தோட மாறுற வளத்தை மேல மேல சேத்தா ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மேலதிக அலகும் பாரமா வரும்.

இப்ப ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில வைச்சுப் பாருங்க (மொத்தச் செலவில நிலையான 12,000மும் சேந்திருக்கு):

1வது பேட்ச்: எல்லைச் செலவு 10,000, சராசரி 22,000
2வது: 8,000, சராசரி 15,000
3வது: 7,000, சராசரி 12,333
4வது: 8,000, சராசரி 11,250
5வது: 10,000, சராசரி 11,000
6வது: 12,000, சராசரி 11,167
7வது: 15,000, சராசரி 11,714

நாலாவதுலயே எல்லைச் செலவு திரும்பி ஏறத் தொடங்கிட்டு, 7,000த்தில இருந்து 8,000. ஆனா சராசரி 12,333ல இருந்து 11,250க்கு இறங்குது. அஞ்சாவதிலயும் எல்லைச் செலவு நல்லா ஏறி 10,000 ஆகிட்டு, சராசரி இன்னமும் இறங்குது. உங்கட குழப்பம் சரியா இந்த இடத்திலதான் இருக்கு. சராசரிக்கு, புதுசா வாறது முந்தின பேட்ச விடக் கூடவா குறையவா எண்டதில கவலையே இல்ல. புதுசா வாறது இப்ப இருக்கிற சராசரிய விடக் கூடவா குறையவா, அது ஒண்டுதான் அதுக்கு வேணும். 10,000 எண்டது முந்தின 8,000த்த விடக் கூடத்தான், ஆனா அப்ப இருந்த சராசரி 11,250, அதை விட 1,250 குறைவு. அந்த 1,250 குறைவை அஞ்சு பேட்சும் பங்கு போட்டா ஒண்டுக்கு 250, அதான் 11,250 போய் 11,000 ஆகுது. ஆறாவதில 12,000 வாறப்ப இருந்த சராசரி 11,000, இப்ப 1,000 கூட, ஆறு பேட்சும் பங்கு போட ஒண்டுக்கு 167, சராசரி 11,167. ஒவ்வொரு வரியிலயும் நீங்களே இப்பிடிப் போட்டுப் பாருங்க, ஒண்டும் தப்பாது.

இதை எழுத்தில எழுதினா இவ்வளவுதான்:

புதுச் சராசரி − பழைய சராசரி = (எல்லைச் செலவு − பழைய சராசரி) ÷ புது எண்ணிக்கை

வகையிடல் படிச்ச பிள்ளைகளுக்கு இதே விசயம் d(AC)/dq = (MC − AC)/q. இதில MC எல்லைச் செலவு, AC சராசரிச் செலவு, TC மொத்தச் செலவு, q எண்ணிக்கை. TC/q எண்டதை q ஆல வகையிட்டா ரெண்டு வரியில வந்திடும். q நேர் எண், அதனால வலப் பக்கத்தின் குறிய தீர்மானிக்கிறது MC − AC மட்டும்தான். எல்லைச் செலவு சராசரிக்குக் கீழ இருக்கிற வரைக்கும் சராசரி இறங்கும், எல்லைச் செலவு தான் ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி. மேல போனா சராசரி ஏறும். அப்ப இறக்கம் முடிஞ்சு ஏற்றம் தொடங்குற புள்ளியில அது கீழயும் இல்ல மேலயும் இல்ல, சமம். ரெண்டு கோடும் தொடுற இடமும் சராசரியின் அடிப்புள்ளியும் ஒண்டா வாறது இதனாலதான், வேற ஒரு காரணமும் இல்ல. கீழ இருந்து மேல வெட்டணும் எண்டதும் இதுக்குள்ளயே இருக்கு, மேல இருந்து கீழ வெட்டினா அது சராசரியின் உச்சியா இருக்கும், அடியா இராது.

பிள்ளைகள் மார்க்ஸ் விடுற ஒரு இடம் சொல்றன். மேல உள்ள அட்டவணையப் பாத்தா எந்த வரியிலயும் எல்லைச் செலவும் சராசரியும் சமமா இல்ல, அஞ்சாவதில 10,000த்துக்கு 11,000, ஆறாவதில 12,000த்துக்கு 11,167. உடனே "அப்ப விதி பிழை" எண்டு நினைக்கிறாங்க, இல்லாட்டி எண்ண மாத்தி சமமாக்கிடுறாங்க. விதி பிழையில்ல. அஞ்சாவது பேட்சின் எல்லைச் செலவு எண்டது 4ல இருந்து 5க்குப் போறதுக்கான செலவு, அது 4க்கும் 5க்கும் நடுவுக்குச் சொந்தமானது, 5க்குச் சொந்தமானதில்ல. அதனால வரைபடத்தில அந்த 10,000த்தை 4.5ல குறிக்கணும், 12,000த்தை 5.5ல குறிக்கணும். ரெண்டையும் நேர்கோட்டால சேத்தா 5க்கு மேல கோடு 11,000ல நிக்கும், அதே இடத்திலதான் சராசரியின் அடியும் இருக்கு. இந்த எண்களுக்கு இவ்வளவு சுத்தமா வருது, எல்லா அட்டவணைக்கும் இப்பிடி மணியா வராது, கிட்டத்தட்ட வரும். அட்டவணையில சரிபாக்க வேண்டியது இதுதான்: ஆகக் குறைஞ்ச சராசரி உள்ள வரியில எல்லைச் செலவு சராசரிக்கு மேல போயிருக்கக் கூடாது, அடுத்த வரியில கீழ இருக்கக் கூடாது.

சரி, இப்ப எனக்கு இந்தப் பாடத்திலயே ஆகவும் பிடிச்ச பகுதி. கொட்டில் வாடகையும் லீசிங்கும் கூடி நிலையான செலவு 12,000 போய் 18,000 ஆகிட்டு எண்டு வைங்க. எல்லைச் செலவு கோடு என்ன ஆகும்? ஒண்டும் ஆகாது. இன்னொரு பேட்ச் காய்ச்சுறதுக்கு பால், விறகு, கூலி அதே காசுதானே, வாடகை கூடினதுக்காக அடுப்பு கூட விறகு தின்னாது. ஆனா சராசரி முழுக்க மேல போகும்: நாலு பேட்சில 12,750, அஞ்சில 12,200, ஆறில 12,167, ஏழில 12,571. ஆகக் குறைஞ்ச இடம் அஞ்சில இருந்து ஆறுக்குத் தள்ளுப்பட்டிட்டு. அது தள்ளுப்படுறது ஏற்கனவே இருந்த அதே எல்லைச் செலவு கோட்டு மேலயே ஏறித்தான், ஏனெண்டா ஆறாவது பேட்சின் எல்லைச் செலவு 12,000 எண்டது முந்தி சராசரிய விடக் கூட, இப்ப 12,200ஐ விடக் குறைவு. நிலையான செலவை நீங்க எப்பிடி மாத்தினாலும் சராசரியின் அடிப்புள்ளி அந்த ஒரே கோட்டிலதான் மேலயும் கீழயும் நகரும். கொப்பியில ரெண்டு மூண்டு சராசரிக் கோட்டை அடுத்தடுத்து வரைஞ்சு பாத்தா, "வெட்டும்" எண்ட சொல்லு பாடமாக்கத் தேவையில்லாத மாதிரிக் கண்ணுக்குத் தெரியும்.

இதே காரணத்தால நிலையான செலவை முழுசா எடுத்திட்டுப் பாத்தாலும், அதாவது சராசரி மாறும் செலவுக்கும், அதே கதைதான். மேல உள்ள எண்ணில அது நாலாவது பேட்சில 8,250 எண்டு அடியில நிக்கும், அங்கயும் எல்லைச் செலவு கோடு அதை அடியிலதான் வெட்டும். பரீட்சையில ரெண்டு சராசரிக் கோட்டின் அடியையும் நேருக்கு நேர் மேலயும் கீழயும் வரையாதீங்க, மாறும் செலவின் அடி இடப் பக்கம், மொத்தச் செலவின் அடி வலப் பக்கம், எல்லைச் செலவு கோடு ரெண்டையும் தொட்டுக்கொண்டு சரிவா ஏறிப் போகும்.

வெட்டவே வெட்டாத சந்தர்ப்பமும் இருக்கு, அதை ஆசிரியர்மார் கனபேர் சொல்றதில்ல. ஒவ்வொரு பேட்சுக்கும் எல்லைச் செலவு ஒரே 8,000 எண்டு வைச்சா சராசரி எண்டது 8,000 கூட்டல் 12,000 வகுத்தல் எண்ணிக்கை, அது இறங்கிக் கொண்டே போகும், 8,000த்தைக் கிட்டக் கிட்ட நெருங்கும், தொடாது. ஒரு ஆப் செஞ்சு வித்தா, அடுத்த ஆளுக்குக் குடுக்கிற செலவு கூடாம அப்பிடியே கிடக்கிறதால, கிட்டத்தட்ட இதே வடிவம்தான் வரும். ஆக "எப்பவுமே வெட்டும்" எண்ட உங்கட வசனம் முழுசாச் சரியில்ல: சராசரிக்கு அடி எண்டு ஒண்டு இருந்தா அங்கதான் வெட்டும். எல்லைச் செலவு கடைசியில ஏறிச் சராசரியத் தாண்டினாத்தான் அடி எண்டு ஒண்டு வரும்.

கடைசியா ஒண்டு, இதையும் கேட்டிருக்காட்டியும் சொல்லோணும், ஏனெண்டா அடுத்த பாடத்தில இங்கதான் வழுக்கும். அந்த அடிப்புள்ளிய "ஆகக் கூடின லாபம் வாற இடம்" எண்டு எடுத்திராதீங்க. நிலையான செலவு பழைய 12,000, ஒரு சட்டி 650க்குப் போகுது எண்டா ஒரு பேட்சுக்கு 13,000. அஞ்சு பேட்ச் போட்டா வருமானம் 65,000, செலவு 55,000, கையில 10,000. ஆறு போட்டா 78,000, செலவு 67,000, கையில 11,000. சராசரி கூடினாலும் சித்தப்பா ஆறாவதையும் காய்ச்சுவார், ஏனெண்டா அந்த ஆறாவது தன்னந்தனியா 12,000 தின்னு 13,000 குடுக்குது. ஏழாவது 15,000 கேக்கும், அதுக்கு அடுப்பு மூட்ட மாட்டார்.