திரண்ட நட்டமும் மூலதனக் குறைப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மார்ச் 31 கணக்கு முடிவை ஒட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, திரண்ட நட்டத்தைக் கூறப்பட்ட மூலதனத்திலிருந்து கழித்து ஐந்தொகையைச் சீராக்குவது பற்றியே இருந்தன. ஆகவே இம்முறை அந்த ஒரு விடயத்துக்கே இடம் ஒதுக்குகிறேன். எண்களைக் கணக்குப் புரியும் அளவுக்கு முழுமையாக்கியிருக்கிறேன்.

கேள்வி (தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்காளர்): எங்கள் கம்பனியின் கூறப்பட்ட மூலதனம் 12 கோடி ரூபா. கடந்த ஆண்டு முடிவில் திரண்ட நட்டம் 9 கோடி. இவ்வாண்டு 80 இலட்சம் இலாபம் வந்திருக்கிறது. பங்குதாரர்கள் பங்கிலாபம் கேட்கிறார்கள், கணக்காய்வாளர் முடியாது என்கிறார். மூலதனக் குறைப்புச் செய்தால் வழி பிறக்குமா?

பதில்: உங்கள் கணக்காய்வாளர் சொல்வது சரி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி பங்கிலாபம் வழங்குவதற்குக் கம்பனி கடன்தீர் ஆற்றல் சோதனையில் தேற வேண்டும். அச்சோதனைக்கு இரு பகுதிகள் உண்டு. வழமையான வியாபார ஓட்டத்தில் கடன்களை அவை செலுத்தவேண்டிய வேளையில் செலுத்த முடியவேண்டும் என்பது முதற்பகுதி. சொத்துக்களின் பெறுமதி, பொறுப்புக்களும் கூறப்பட்ட மூலதனமும் சேர்ந்த தொகையை விட அதிகமாக இருக்கவேண்டும் என்பது இரண்டாவது பகுதி. உங்களைத் தடுப்பது இந்த இரண்டாவது பகுதியே. பொறுப்புக்களைக் கழித்தபின் உங்களிடம் மிஞ்சும் தேறிய சொத்து 3 கோடி 80 இலட்சம் மட்டுமே. சோதனையோ அது 12 கோடியைத் தாண்டவேண்டும் என்கிறது. இதே வேகத்தில் இலாபம் வந்தாலும் இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேரும்.

மூலதனத்தை 9 கோடியால் குறைத்து 3 கோடி ஆக்கினால், தேறிய சொத்து அதே 3 கோடி 80 இலட்சமாக இருந்தும், அது மூலதனத்தை 80 இலட்சத்தால் தாண்டி நிற்கும். குறிப்பேட்டுப் பதிவு மிக எளியது: கூறப்பட்ட மூலதனக் கணக்கு வரவு 9 கோடி, திரண்ட நட்டக் கணக்கு செலவு 9 கோடி. இப்பதிவு உரிமை மூலதன மாற்றக் கூற்றில் மட்டுமே தோன்றவேண்டும். இலாப நட்டக் கூற்றுக்குள் இதைக் கொண்டுபோய் வருமானமாகக் காட்டுவது பிழை. இதனால் கம்பனிக்குள் ஒரு சதமும் புதிதாக வருவதில்லை என்பதையும் பங்குதாரர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். 80 இலட்சம் இலாபம் கடனாளிகளிடமும் கையிருப்புத் தேயிலையிலும் அடைபட்டுக் கிடந்தால், சோதனையின் முதற்பகுதி அப்போதும் உங்களைத் தடுக்கும்.

இன்னொன்றும் கேட்கவேண்டியிருக்கிறது. தேறிய சொத்து கூறப்பட்ட மூலதனத்தின் அரைவாசிக்குக் கீழே இறங்கியது பணிப்பாளர் ஒருவருக்குத் தெரியவந்தால், 220ஆம் பிரிவின்படி 20 வேலை நாட்களுக்குள் பணிப்பாளர் சபை விசேட பொதுக்கூட்டத்தை அழைக்கவேண்டும். உங்கள் எண்களின்படி 6 கோடி என்ற அந்தக் கோட்டைக் கம்பனி எப்போதோ தாண்டிவிட்டது. கூட்டம் அழைக்கப்பட்டதா என்பது பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. பங்கிலாபத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னரே இதைப் பார்த்திருக்கவேண்டும்.

கேள்வி (கண்டி, கணக்கியல் மாணவர்): மூலதனக் குறைப்புக்கு நீதிமன்றமோ தீர்ப்பாயமோ அனுமதி தரவேண்டும் என்று படித்தேன். இலங்கையில் எந்த நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்?

பதில்: நீங்கள் படித்தது இந்தியச் சட்டத்துக்கோ, நமது 1982ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கோ எழுதப்பட்ட நூலாக இருக்கவேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு நீதிமன்ற அனுமதியைக் கேட்பதில்லை. அதன் இடத்தில் பொது அறிவித்தலையும் விசேட தீர்மானத்தையும் வைத்திருக்கிறது. பங்கின் முகப்பெறுமதியும் அதே சட்டத்தோடு போய்விட்டது. ஆகவே "10 ரூபாப் பங்கை 3 ரூபாவாகக் குறைத்தல்" என்ற பயிற்சிக் கணக்குகளையும் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி (ஹட்டன், கம்பனிப் பணிப்பாளர்): எங்களிடம் 60 வீதப் பங்குகள் உள்ளன. தீர்மானத்தை நாங்களே நிறைவேற்றிவிடலாமா?

பதில்: வாக்களிப்போரின் வாக்குகளில் 75 வீதம் தேவை. மற்றவர்களிடம் பேசுங்கள்.

கேள்வி (பண்டாரவளை, கொழுந்து வாங்கி அரைக்கும் தொழிற்சாலையின் பணிப்பாளர்): கணக்காய்வாளர் ஊழியர்களின் பணிக்கொடைக்குப் போதிய ஒதுக்கம் இல்லை என்றும், கொழுந்து தருவோருக்குக் கொடுத்த பழைய முற்பணங்களைக் கழிக்கவேண்டும் என்றும் நிற்கிறார். இப்போதைக்கு ஏட்டில் உள்ள நட்டத்துக்கு மூலதனக் குறைப்பைச் செய்துவிட்டு, இவற்றை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மலையகத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் மூலதனக் குறைப்புத் திட்டங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை இதுதான். நட்டம் எவ்வளவு என்று சரியாக அறியாமலே நட்டத்தைக் கழிக்கப் புறப்படுகிறார்கள்.

தலவாக்கலைக் கம்பனியின் எண்களையே எடுத்துக்கொள்வோம். இவ்வாண்டு இலாபத்தை மட்டும் விட்டுவிடுவோம். அங்கே மாதச் சம்பளம் பெறும் 60 ஊழியர்கள் இருப்பதாகவும், அவர்களின் சம்பளம் சராசரியாக 30,000 ரூபா, சேவை சராசரியாக 20 ஆண்டுகள் என்றும் கொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுச் சேவையை முடித்த ஊழியருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் சேரும். மாதச் சம்பளம் அல்லாதோருக்கு 14 நாள் சம்பளம். ஆளுக்கு 3 இலட்சம் வீதம் 60 பேருக்கு 1 கோடி 80 இலட்சம் ஆகிறது. கணக்கியல் நியமத்தின்படி இதைத் தற்போதைய பெறுமதிக்குக் கொண்டுவரவேண்டும், எதிர்காலச் சம்பள உயர்வையும் கருதவேண்டும். ஆயினும் தொகையின் பருமனை அறிய இந்த எளிய பெருக்கலே போதும். ஏட்டில் இருப்பதோ 60 இலட்சம்தான். குறைபாடு 1 கோடி 20 இலட்சம்.

இதனோடு, தோட்டத்தைக் கைமாற்றிவிட்டோ வேறு தொழிற்சாலைக்குக் கொழுந்தைத் திருப்பிவிட்டோ போய்விட்டவர்களிடம் நிற்கும் முற்பணம் 60 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஐந்தொகையில் சொத்தாகவே கிடக்கிறது, திரும்பி வரப்போவதில்லை. இரண்டையும் சேர்த்தால் உண்மையான நட்டம் 10 கோடி 80 இலட்சம். தேறிய சொத்து 1 கோடி 20 இலட்சம்.

இப்போது ஏட்டில் உள்ள 9 கோடியை மட்டும் நம்பி மூலதனத்தை 3 கோடிக்குக் குறைத்துவிட்டீர்கள் என்று கொள்வோம். அடுத்த ஆண்டு கணக்காய்வாளர் இவ்விரண்டையும் பதியச் செய்வார். அவற்றில் முந்திய ஆண்டுகளுக்கு உரியதை முற்காலப் பிழையாகத் திருத்தவேண்டியிருக்கும். அப்போது குறைப்புக்கு முன்னர் நீங்கள் பங்குதாரர்களுக்குக் காட்டிய எண்களே பிழை என்று ஏட்டில் எழுதப்படும். துடைத்துவிட்டதாக அறிவித்த ஐந்தொகையில் மீண்டும் 1 கோடி 80 இலட்சம் நட்டம் நிற்கும். தேறிய சொத்தான 1 கோடி 20 இலட்சம், புதிய மூலதனத்தின் அரைவாசியான ஒன்றரைக் கோடியிலும் குறைவு. 220ஆம் பிரிவின் கூட்டத்தை மறுபடியும் அழைக்கவேண்டும், அறிவித்தலையும் தீர்மானத்தையும் முதலிலிருந்து செய்யவேண்டும். இடையில் பங்கிலாபம் கொடுத்திருந்தால், கடன்தீர் ஆற்றல் இருப்பதாக ஒப்பமிட்ட பணிப்பாளர்கள் அத்தொகைக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்க நேரலாம்.

இதில் எனக்குச் சினம் உண்டாக்குவது வேறொன்று. இருபது ஆண்டுகள் உலர்த்தும் தட்டிலும் உருட்டும் இயந்திரத்திலும் நின்ற ஒருவரின் பணிக்கொடை, சட்டப்படி இன்றே உள்ள கடன். அதை ஏட்டில் எழுதாமல் விட்டுவிட்டு, பங்குதாரருக்குப் பங்கிலாபம் போக வழி திறப்பது, ஊழியருக்குச் சேரவேண்டியதை முந்திக்கொண்டு பங்கிடுவதாகும். முதலில் பணிக்கொடையைக் கணியுங்கள். ஊழியர் சேமலாப நிதி நிலுவையையும், கொழுந்து தந்தோருக்குக் கொடுக்கவேண்டியதையும் சரிபாருங்கள். முற்பணப் பட்டியலைப் பெயர் பெயராக எடுத்து, கடந்த ஓராண்டில் கொழுந்து தராதவர்களைத் தனியே பிரித்தெடுங்கள். இவற்றையெல்லாம் சேர்த்தபின் வரும் நட்டத் தொகைக்கே குறைப்பைச் செய்யுங்கள்.

கேள்வி (நுவரெலியா): நட்டத்தைக் கழிக்க மூலதனத்தைத் தொடாமல், காணியை மீள்மதிப்பீடு செய்து அந்த இலாபத்தில் கழித்துவிட்டால் என்ன?

பதில்: முடியாது. மீள்மதிப்பீட்டு மிகை தனி ஒதுக்கமாகவே நிற்கவேண்டும்; காணி விற்கப்படும்போதுதான் அது பிடித்துவைத்த வருவாய்க்கு மாற்றப்படலாம். இதனாலும் ஒரு சதம் உள்ளே வருவதில்லை.

கேள்வி (பதுளை, கம்பனிச் செயலாளர்): கடந்த மே மாதம் தீர்மானத்தை நிறைவேற்றினோம். ஜூனில் பத்திரிகையில் அறிவித்தல் கொடுத்தோம். மார்ச் 31 ஐந்தொகையிலேயே குறைப்பைக் காட்டிவிட்டோம். வங்கி இப்போது ஆட்சேபிக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று தவறுகள். சட்டத்தை ஒருமுறை வாசித்திருந்தால் மூன்றையும் தவிர்த்திருக்கலாம்.

பொது அறிவித்தல் தீர்மானத்துக்குக் குறைந்தது 60 நாட்களுக்கு முன்னர் வரவேண்டும். வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி நாளிதழ்களிலும் வரவேண்டும். கடன் கொடுத்தோர் முன்கூட்டியே அறிந்து பேசுவதற்காகவே அந்த 60 நாட்கள் வைக்கப்பட்டுள்ளன. மார்ச் 31க்குள் முடிக்க விரும்பியிருந்தால், ஜனவரி முடிவதற்கு முன்னரே அறிவித்தல் வெளிவந்திருக்கவேண்டும்.

மே மாதத் தீர்மானம் செல்லுபடியானதாகவே இருந்தாலும், அது மார்ச் 31க்குப் பிந்திய நிகழ்வு. அதைக் குறிப்பில் வெளிப்படுத்தலாமே தவிர, அந்தத் திகதியின் எண்களை மாற்ற முடியாது. ஐந்தொகையைத் திருத்துங்கள்.

வங்கியின் ஆட்சேபம் மிகப் பாரதூரமானது. ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே மூலதனத்தைக் குறைப்பதில்லை என்று கடன் கொடுத்தவரோடு கம்பனி எழுத்தில் உடன்பட்டிருக்கலாம் என 59ஆம் பிரிவு சொல்கிறது. அத்தகைய உடன்பாட்டை மீறிய தீர்மானம் வலிதற்றது. உங்கள் கடன் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசகம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், வங்கியின் எழுத்து மூலச் சம்மதத்தைப் பெற்று, அறிவித்தலிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கவேண்டும்.

கேள்வி (மாத்தளை, ஓய்வுபெற்ற ஆசிரியை): என்னிடம் 2,000 பங்குகள் உண்டு. கம்பனி மூலதனத்தை நான்கில் ஒன்றாக்கினால் என் பங்குகள் 500 ஆகிவிடுமா?

பதில்: இல்லை அம்மா. நட்டத்தைக் கழிப்பதற்கான குறைப்பில் பங்குகளின் எண்ணிக்கை மாறாது. 2,000 பங்குகளும் அதே வாக்குரிமையோடும் அதே விகிதத்தோடும் உங்களிடமே இருக்கும். ஒரு பங்குக்குரிய தேறிய சொத்தும் மாறாது, ஏனெனில் மொத்தத் தேறிய சொத்து மாறவில்லை. ஆனால் நீங்கள் அன்று போட்ட பணத்தின் பெரும்பகுதி நட்டத்தில் கரைந்துவிட்டது என்பதைக் கம்பனி ஏட்டில் ஒப்புக்கொள்கிறது. அறிவித்தல் கிடைத்ததும் கூட்டத்துக்குப் போய், பணிக்கொடையும் வராக்கடனும் முழுமையாகக் கணக்கில் எடுக்கப்பட்டனவா என்று கேளுங்கள்.

கேள்வி (கம்பளை): நட்டத்தை மூலதனத்திலிருந்து கழித்துவிட்டால், வருமான வரிக்கு முன்கொண்டுசெல்லும் நட்டமும் போய்விடுமா?

பதில்: போகாது. வரிக்குரிய நட்டம் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி தனியே கணிக்கப்பட்டு, ஆறு ஆண்டுகள் வரை முன்கொண்டுசெல்லப்படுகிறது. மூலதனக் குறைப்பின் பதிவு அந்தக் கணிப்பைத் தொடுவதில்லை. நட்டம் எந்த ஆண்டில் உண்டானதோ அந்த ஆண்டைக் குறித்து ஒரு தனி அட்டவணையை வைத்திருங்கள். ஐந்தொகையிலிருந்து தொகை மறைந்தபின் அந்த அட்டவணை இல்லாமல் வரிக் கோரிக்கையை நிறுவுவது கடினமாகும்.