பாக்கிக்காக டொமைனைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் தனியாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன். வாடிக்கையாளர்களின் டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் என் கணக்கில்தான் இருக்கின்றன. வருடாவருடம் அவர்களிடம் பணம் வாங்கிப் புதுப்பிக்கிறேன். ஒரு மஞ்சள் வியாபாரி வேறு ஆளிடம் போவதாகச் சொல்லி டொமைனைக் கேட்கிறார். எனக்கு 8,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். அது வரும்வரை டொமைனைத் தராமல் இருக்கலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கொடுத்துவிடுங்கள். பாக்கி உங்களுக்கு நியாயமாக வரவேண்டிய பணம்; அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். டொமைனை ஈடாகப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் அதற்கான பணத்தை அவர்தான் கொடுத்திருக்கிறார், நீங்கள் கொடுத்த பில்களே அதற்குச் சாட்சி. அந்தப் பெயரில் மெயிலும் ஓடினால், டொமைன் காலாவதியாகும் நாளில் வெப்சைட்டோடு அவருக்கு வரும் ஆர்டர்களும் நின்றுவிடும். அந்த நட்டம் 8,000 ரூபாயோடு முடியாது; அதைக் கேட்டு அவர் உங்கள் மேல் வழக்குப் போடவும் இடம் கொடுத்துவிடுவீர்கள்.

மாற்றுவதற்கு எளிய வழி இருக்கிறது. நீங்கள் டொமைன் வாங்கிய அதே நிறுவனத்தில் அவரை ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவதற்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை, நேம்சர்வரைத் தொடவும் வேண்டாம். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதென்றால் `clientTransferProhibited` பூட்டை எடுத்து, ஆத் கோடு கொடுக்க வேண்டும். .com பெயர் பதிவாகி 60 நாள் ஆகாவிட்டால் அதுவும் நடக்காது. ஆகவே முதலில் அவர் கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு எங்கே கொண்டுபோவது என்பது அவர் முடிவு.

கணக்கு மாறியதும் பதிவு விவரத்தைத் திறந்து பாருங்கள். உரிமையாளர் இடத்தில் இன்னும் உங்கள் பெயர் இருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அங்கே அவருடைய நிறுவனப் பெயரும் முகவரியும் வரவேண்டும். தொடர்பு மெயிலாக அதே டொமைனில் உள்ள மெயிலைக் கொடுக்க விடாதீர்கள். டொமைன் காலாவதியானால் கடவுச்சொல்லை மீட்கும் மெயிலும் அங்கே வந்து சேராது. முதலாளியின் தனி மெயிலும், ஓ.டி.பி.க்கு அவருடைய சொந்த எண்ணும் இருக்கட்டும். கணக்குப்பிள்ளையின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் வேலையை விட்டுப் போனதும் திண்டாடும் கடைகள் உண்டு.

ஹோஸ்டிங்கில்தான் கவனம் அதிகம் வேண்டும். புதிய ஆள் அவசரத்தில் நேம்சர்வரை மாற்றினால், பழைய `MX` பதிவுகள் புதிய இடத்தில் இல்லாமல் மெயில் நின்றுபோகும். வெப்சைட் நன்றாகத் திறப்பதால் யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள். மெயில் போட்ட வாடிக்கையாளர் போன் செய்து கேட்கும்போதுதான் தெரியவரும். எனவே டி.என்.எஸ். பதிவுகள் அத்தனையையும் முதலில் படம் எடுத்துக் கொடுங்கள். வெப்சைட்டின் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டின் பிரதியையும் கொடுங்கள். மெயில் உங்கள் ஹோஸ்டிங்கிலேயே இருந்தால் பழைய மெயில்களையும் நகர்த்த வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். புதிய இடத்தில் மெயில் வந்து போவதைச் சோதித்த பிறகு, ஒரு வாரம் கழித்துப் பழையதை அணையுங்கள். ஒப்படைத்ததை எல்லாம் தேதியோடு ஒரே மெயிலில் எழுதி, "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மற்ற வாடிக்கையாளர்களையும் இதேபோல் மாற்றிவிடுங்கள், ஒவ்வொருவரையும் அவரவர் புதுப்பிப்பு வரும் மாதத்தில். நாளை உங்களுக்கே உடம்பு சரியில்லாமல் போனால், உங்கள் ஒரே கணக்கில் இத்தனை பேரின் கடைகளும் மாட்டிக்கொள்ளும். புதிதாக வருபவர்களை முதல் சந்திப்பிலேயே பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் பெயரில், அவர்கள் கார்டில் வாங்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால் பில்லும் அவர்கள் பெயரில் வரும். பல நிறுவனங்களில் கடவுச்சொல்லைப் பகிராமலே உங்களுக்கு அனுமதி தரும் வசதி உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். வேர்ட்பிரஸில் அவருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு இருக்கட்டும். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் முதன்மை உரிமையாளர் அவர், நீங்கள் மேலாளர்.

அப்படியானால் பணத்துக்கு என்ன பிடி என்று கேட்பீர்கள். பிடி உங்கள் வேலையில் இருக்கிறது. வெப்சைட்டை உங்கள் சோதனை முகவரியில் கட்டுங்கள், அங்கேயே காட்டுங்கள். முன்பணம், நடுவில் ஒரு தவணை, கடைசித் தவணை என்று எழுத்தில் வைத்து, கடைசித் தவணை வந்த பிறகு அவருடைய ஹோஸ்டிங்கில் ஏற்றுங்கள். பராமரிப்புக்கும் மாதக் கட்டணம் முன்கூட்டியே வாங்குங்கள். வராத மாதம் வேலை நிற்கும், அவ்வளவுதான். இந்த மஞ்சள் வியாபாரிக்கு, டொமைனை ஒப்படைத்த அன்றே எந்தெந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து, பணம் தரவேண்டிய தேதியும் போட்டு 8,000 ரூபாய்க்கான பில்லைத் தனியாக அனுப்புங்கள்.