ரிலாக்சேஷனுக்கும் முக்கோணச் சமனிலிக்கும் என்ன உறவு?

கேள்வி: டைக்ஸ்ட்ரா, பெல்மன்-ஃபோர்டு இரண்டிலும் வருகிற ரிலாக்சேஷன் என்பது முக்கோணச் சமனிலிதான் என்று பாடத்தில் சொன்னார்கள். ஆனால் என் கிராஃபில் s-லிருந்து b-க்கு நேர் விளிம்பின் எடை 10. a வழியாகச் சுற்றிப் போனால் 4 + 3 = 7 தான். இங்கே முக்கோணச் சமனிலியே உடைகிறதே, அப்புறம் எப்படி?

பதில்:

உங்கள் கிராஃபில் உடைவது விளிம்புகளின் எடைக்கான சமனிலி. அது உடையலாம், தப்பில்லை. எடை என்பது யாரோ எழுதிக் கொடுத்த எண். பயண நேரமாக இருக்கலாம், கட்டணமாக இருக்கலாம். அதற்கு முக்கோண விதியை மதிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

ரிலாக்சேஷன் பேசுவது தொலைவுகளைப் பற்றி. s-லிருந்து v-க்குப் போகும் எல்லாப் பாதைகளிலும் மிகக் குறைந்த நீளத்தை δ(v) என்று வைத்துக்கொள்வோம். u-விலிருந்து v-க்கு w எடையுள்ள ஒரு விளிம்பு இருந்தால்,

```
δ(v) ≤ δ(u) + w
```

என்பது எப்போதும் உண்மை. u வரை மிகக் குறைந்த வழியில் வந்து, அந்த விளிம்பில் ஏறி v-க்குப் போவதும் ஒரு வழிதானே! மிகக் குறைந்தது அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. உங்கள் கிராஃபில் δ(b) = 7, δ(a) = 4. நேர் விளிம்புக்கு 7 ≤ 0 + 10, a வழிக்கு 7 ≤ 4 + 3. இரண்டும் சரியாகவே இருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், தொடக்கத்தில் நம் கையில் δ இல்லை. அதற்குப் பதிலாக d என்ற மதிப்பீடு இருக்கிறது: s-க்கு 0, மற்ற எல்லா முனைகளுக்கும் முடிவிலி. உண்மையான தொலைவுகள் மதித்தே ஆகவேண்டிய சமனிலியை இந்த மதிப்பீடு பல விளிம்புகளில் மீறிக்கொண்டிருக்கும். மீறும் ஒரு விளிம்பைப் பிடித்து, அந்த இடத்தில் மீறலைச் சரிசெய்வதுதான் ரிலாக்சேஷன்.

```python
if d[u] + w < d[v]:      # சமனிலி மீறப்படுகிறது
    d[v] = d[u] + w      # இப்போது சமம்
```

1956-இல் ஃபோர்டு சொன்ன முறை கிட்டத்தட்ட இவ்வளவுதான்: மீறும் விளிம்பு ஒன்றைத் தேடு, திருத்து, மீறல் எதுவும் இல்லாதபோது நிறுத்து. எந்த வரிசையில் திருத்த வேண்டும் என்ற கேள்வி பிறகு வருவது. 1959-இல் டைக்ஸ்ட்ரா தந்தது ஒரு நல்ல வரிசை. எடைகள் மைனஸாக இல்லாவிட்டால் அந்த வரிசையில் ஒவ்வொரு விளிம்பையும் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் கிராஃபில் c என்று ஒரு முனையைச் சேர்க்கிறேன். விளிம்புகள்: s→a 4, s→b 10, a→b 3, b→c 2, a→c 9. வேண்டுமென்றே மோசமான வரிசையில் போகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் b→c, பிறகு a→c, a→b, s→b, கடைசியில் s→a.

முதல் சுற்றில் முதல் மூன்று விளிம்புகளும் முடிவிலியிலிருந்து கிளம்புவதால் எதுவும் நடக்காது. பிறகு s→b வழியாக b 10 ஆகிறது, s→a வழியாக a 4 ஆகிறது. இரண்டாம் சுற்றில் b→c வழியாக c 12 ஆகிறது. a→c 13 கொடுக்கிறது, அது தேவையில்லை. அடுத்து a→b: 4 + 3 = 7, இது 10-ஐவிடக் குறைவு, ஆகவே b 7 ஆகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சற்று முன்புவரை b→c விளிம்பில் எல்லாம் சரியாக இருந்தது: 12 ≤ 10 + 2. இப்போது b குறைந்ததால் அது 12 ≤ 7 + 2 என்றாகி உடைந்துவிட்டது. ஒரு விளிம்பைச் சரிசெய்தால், அந்த முனையிலிருந்து வெளியே போகும் விளிம்புகளில் புதிய மீறல் முளைக்கலாம். ஒரு முறை எல்லா விளிம்புகளையும் பார்த்தால் ஏன் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். மூன்றாம் சுற்றில் b→c அந்த மீறலைச் சரிசெய்து c-யை 9 ஆக்குகிறது. நான்காம் சுற்றில் எந்த மாற்றமும் இல்லை. முடிவு: a = 4, b = 7, c = 9.

சரி, மீறல் எதுவும் மிச்சமில்லை என்பதாலேயே இவை உண்மையான தொலைவுகள் ஆகிவிடுமா? ஆகாது. இரண்டு பக்கமும் தேவை.

முதல் பக்கம்: d எப்போதும் δ-வுக்குக் கீழே போகாது. முடிவிலி அல்லாத ஒவ்வொரு d மதிப்பும் s-லிருந்து உண்மையிலேயே இருக்கும் ஏதோ ஒரு பாதையின் நீளம். ரிலாக்சேஷன் அந்தப் பாதையோடு இன்னொரு விளிம்பை ஒட்டுகிறது, அவ்வளவே. இல்லாத பாதையை அது உண்டாக்குவதில்லை.

இரண்டாம் பக்கம்: மீறல் இல்லாத நிலையில் d எந்தப் பாதையின் நீளத்தையும் தாண்டாது. s-லிருந்து v வரை ஏதாவது ஒரு பாதையை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு விளிம்பின் சமனிலியையும் எழுதிக் கூட்டுங்கள். நடுவிலுள்ள முனைகளின் d மதிப்புகள் இருபுறமும் வந்து அடிபட்டுப் போகும். மிஞ்சுவது: d[v] ≤ d[s] + பாதையின் நீளம். d[s] என்பது 0. இது மிகக் குறைந்த பாதைக்கும் பொருந்துவதால் d[v] ≤ δ(v). இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் சமம்.

இதே கூட்டலை ஒரு மூடிய சுற்றின் மேல் செய்து பாருங்கள். எல்லா d-யும் அடிபட்டு, 0 ≤ சுற்றின் மொத்த எடை என்று மட்டும் மிஞ்சும். s-லிருந்து போய்ச் சேரக்கூடிய ஒரு சுற்றின் மொத்த எடை மைனஸாக இருந்தால் இது நடக்கவே முடியாது. அதாவது எந்த எண்களைப் போட்டாலும் அந்தச் சுற்றில் ஒரு விளிம்பாவது மீறிக்கொண்டேதான் இருக்கும். n முனைகள் உள்ள கிராஃபில் பெல்மன்-ஃபோர்டு எல்லா விளிம்புகளையும் n − 1 முறை பார்த்த பிறகும் இன்னொரு முறை மீறல் தேடுவது இதற்காகத்தான். தனித்தனி விளிம்பு மைனஸாக இருந்தால் பெல்மன்-ஃபோர்டுக்குப் பிரச்சினையில்லை, சுற்று மைனஸானால்தான் δ என்ற எண்ணே இல்லாமல் போகிறது.

கண்ணால் பார்க்க ஒரு படம் வேண்டுமென்றால், 1957-இல் மின்டி சொன்ன நூல் கணினியைச் சொல்வேன். திசையில்லாத, மைனஸ் எடை இல்லாத கிராஃபுக்கு இது பொருந்தும். ஒவ்வொரு முனைக்கும் ஒரு முடிச்சு, ஒவ்வொரு விளிம்புக்கும் அதன் எடை நீளத்துக்கு ஒரு நூல். s முடிச்சைக் கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முடிச்சும் நூல்கள் விடும் அளவுக்குக் கீழே இறங்கும். அந்த ஆழம்தான் δ. நூல் நீளத்தைவிட அதிகமாக இரண்டு முடிச்சுகள் விலக முடியாது என்பதுதான் சமனிலி. உங்கள் கிராஃபில் b 7 ஆழத்தில் நிற்கும். s-b நூலின் நீளம் 10, ஆகவே அது தொய்ந்து தொங்கும். நீங்கள் முரண்பாடு என்று நினைத்தது அந்தத் தொய்வைத்தான். 4 நூலும் 3 நூலும் விறைப்பாக நிற்கும்.

படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முடிச்சுகள் தம்மால் முடிந்த மட்டும் கீழே இறங்குகின்றன. ஆக, s-க்கு 0 என்று வைத்து எல்லாச் சமனிலிகளையும் மதிக்கும் எண்களுக்குள் மிகப் பெரியவைதான் δ. மிகப் பெரியவை என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் வண்டிகளுக்கு வழி கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதினேன். சாலை நேரங்கள் அடிக்கடி மாறும். ஒவ்வொரு முறையும் முடிவிலியிலிருந்து தொடங்காமல், பழைய d மதிப்புகளை வைத்துக்கொண்டு மீறும் விளிம்புகளை மட்டும் திருத்தலாம் என்று நினைத்தேன். நேரம் குறைந்த நாட்களில் அருமையாக ஓடியது. ஒரு சாலையில் வேலை நடந்து நேரம் கூடியபோது, நிரல் மாற்றமே இல்லாமல் பழைய விடையையே கொடுத்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இரண்டு நாள் தேடினேன்.

மேலே உள்ள கிராஃபிலேயே அதைக் காட்டலாம். a→b 3-லிருந்து 8 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மதிப்புகள் 4, 7, 9. சரிபார்த்தால் 7 ≤ 4 + 8, 7 ≤ 10, 9 ≤ 7 + 2, எல்லாமே நிறைவேறுகின்றன. மீறல் இல்லை, ஆகவே நிரல் நின்றுவிடுகிறது. ஆனால் உண்மை விடை b = 10, c = 12. எடை குறையும்போது பழைய d இன்னமும் δ-வுக்கு மேலேயே இருக்கிறது, அதனால் திருத்தம் வேலை செய்கிறது. எடை கூடும்போது அது δ-வுக்குக் கீழே போய்விடுகிறது, ரிலாக்சேஷனுக்கு ஒரு எண்ணை உயர்த்தத் தெரியாது. d-யை முடிவிலிக்குப் பதில் 0 என்று தொடங்கிவிடுவதும், முடிவிலியாக `INT_MAX` வைத்து அதோடு எடையைக் கூட்டி மைனஸாக்கிவிடுவதும் இதே வகைப் பிழைகள்தான்.

இதைக் கண்டுபிடிக்க நான் இப்போது சேர்த்துவைத்திருக்கும் சோதனை, மேலே சொன்ன நூல் படத்திலிருந்து வந்தது. மீறல் இல்லை என்று பார்ப்பதோடு, முடிவிலி அல்லாத ஒவ்வொரு முனைக்கும் (s தவிர) உள்ளே வரும் ஒரு விளிம்பாவது விறைப்பாக, அதாவது d[v] = d[u] + w என்று சமமாக இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். மேலே b-க்குள் வரும் விளிம்புகள் 12-உம் 10-உம் சொல்கின்றன, d[b] மட்டும் 7 என்கிறது. எந்த நூலும் பிடிக்காமல் b அந்தரத்தில் நிற்கிறது, தப்பு உடனே தெரிந்துவிடும். எல்லா விளிம்புகளையும் ஒரு முறை பார்த்தாலே சோதனை முடிந்துவிடும். எடைகள் எல்லாம் 0-க்கு மேல் இருந்தால் இவ்வளவே போதும். 0 எடையுள்ள சுற்று இருந்தால், அதிலுள்ள முனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்தரத்திலேயே நின்றுவிடலாம். அப்போது விறைப்பான விளிம்புகள் வழியாகவே s-லிருந்து ஒவ்வொரு முனைக்கும் போய்ச் சேர முடிகிறதா என்று ஒரு தேடல் ஓட்டிப் பாருங்கள்.