பற்றுப் பக்கம் 9,000 அதிகம் நிற்பது ஏன்?

"கடனாளி 4,500 ரொக்கமாகச் செலுத்தினார். ரொக்கக் கணக்கு, கடனாளி கணக்கு இரண்டிலும் எழுதிவிட்டேன். ஆனாலும் இருப்பாய்வில் பற்று 9,000 அதிகமாக இருக்கிறது."

கடனாளி கணக்கில் அந்த 4,500 வரவு வைக்கப்படாமல், தவறுதலாகப் பற்று வைக்கப்பட்டிருக்கும். வரவில் 4,500 குறைந்து, பற்றில் 4,500 கூடியதால் வேறுபாடு இரட்டிப்பாகிறது.

இரண்டும் சொத்துக் கணக்குகள் என்பதால் இரண்டையும் பற்று வைக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் பக்கத்தைத் தீர்மானிப்பது கணக்கின் வகை மட்டுமன்று, அது கூடுகிறதா குறைகிறதா என்பதும்தான். ரொக்கம் கூடுகிறது, ஆகவே பற்று. கடனாளியிடமிருந்து வரவேண்டிய தொகை அதே அளவு குறைகிறது, ஆகவே வரவு. ஒரு சொத்து மற்றொன்றாக மாறியதே தவிர மொத்தம் மாறவில்லை.

1. வேறுபாட்டைப் பாதியாக்கி, 4,500 என்ற தொகையைப் பேரேட்டின் பற்றுப் பக்கத்தில் தேடுங்கள்.
2. கிடைத்தால், கடனாளி கணக்கில் 9,000 வரவு வையுங்கள்; பாதி தவற்றை நீக்கும், பாதி உரிய பதிவாகும். வேறுபாட்டை ஏற்கெனவே அனாமத்துக் கணக்கில் வரவாகக் காட்டியிருந்தால், அக்கணக்கை 9,000 பற்று வைக்க வேண்டும்.

கிடைக்காவிட்டால், 9,000 என்பது 9 ஆல் வகுபடும் எண் என்பதால், 12,000 என்பதை 21,000 என்று எழுதியதுபோன்ற இலக்க மாற்றத்தையும் பாருங்கள்.

இருப்பாய்வு சமமானாலும் வேறொரு கடனாளியின் கணக்கில் வரவு வைத்த பிழை அதில் தெரியாது. அதற்குத் தனித்தனி நிலுவைகளையே சரிபார்க்க வேண்டும்.