அமிலத்திலும் கரைகிறது, காரத்திலும் கரைகிறது: ஈரியல்புப் பொருள்கள் பற்றிய கேள்வி-பதில்

அலுமினியம் ஹைட்ராக்சைடு அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும் என்று படிக்கிறோம். இதைச் சோதனைக் குழாயில் கண்ணால் பார்க்க முடியுமா? எவ்வளவு எடுக்க வேண்டும்?

நன்றாகவே பார்க்கலாம். 0.1 மோலார் அலுமினியம் குளோரைடு கரைசலில் 5 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அலுமினியம் 0.5 மில்லிமோல் இருக்கிறது. 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை அதில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசம்.

முதல் சில சொட்டுகளில் தோன்றும் கலங்கல் குலுக்கியதும் மறையக்கூடும். அதற்காகக் கரைசல் சரியில்லை என்று கொட்டிவிட வேண்டாம். இந்தக் கட்டத்தில் ஹைட்ராக்சைடு அயனிகள் அலுமினியத்தோடு சேர்ந்தாலும், உருவாகும் அயனிகள் கரைந்தே இருக்கின்றன. மேலும் விட்டால் வெள்ளையான, கூழ் போன்ற வீழ்படிவு நிலைத்து நிற்கும். ஒரு அலுமினியம் அயனிக்கு மூன்று ஹைட்ராக்சைடு என்ற கணக்கில் 1.5 மி.லி., அதாவது ஏறக்குறைய 30 சொட்டு விட்டதும் வீழ்படிவு முழுமையாகிறது.

Al³⁺ + 3OH⁻ → Al(OH)₃

இதுவரை நடந்தது நீரில் கரையாத எல்லா உலோக ஹைட்ராக்சைடுகளுக்கும் பொது. வேறுபாடு இனிமேல்தான். காரத்தை இன்னும் விட்டால் கூழ் இளகி மறைகிறது. குழாய் மீண்டும் தெளிகிறது.

Al(OH)₃ + OH⁻ → [Al(OH)₄]⁻

கணக்குப்படி இதற்கு இன்னும் 0.5 மி.லி. போதும். நடைமுறையில் கொஞ்சம் மிகை வேண்டும் என்பதால் மொத்தம் 2.5 மி.லி. வரை விடுங்கள்.

இப்போது அதே குழாயில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் படம் பின்னோக்கி ஓடும். முதல் 0.5 மி.லி. மிகையாக இருந்த காரத்தோடு போய்விடுவதால் பெரிதாக எதுவும் தெரியாது. அடுத்த 0.5 மி.லி.யில் வெள்ளைக் கூழ் திரும்ப வருகிறது. அதற்குப் பின் 1.5 மி.லி. விட்டால் அது அலுமினியம் அயனியாகக் கரைந்துவிடுகிறது. ஆகக் காரம் 2.5 மி.லி., அமிலமும் 2.5 மி.லி. இரண்டு கணக்கும் பொருந்துவதுதான் இந்தச் சோதனையின் அழகு.

இதில் அடிக்கடி நேரும் பிழை இரண்டு. ஒன்று, காரத்தை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு “வீழ்படிவே வரவில்லை” என்று எழுதுவது. வந்தது, வந்த வேகத்திலேயே கரைந்தும்விட்டது. சந்தேகமிருந்தால் அமிலத்தைச் சொட்டாக விட்டுப் பாருங்கள், வீழ்படிவு திரும்ப எட்டிப் பார்க்கும். இன்னொன்று, வீழ்படிவை மறுநாள் வரை வைத்திருந்து கரைக்க முயல்வது. புதிய கூழில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. நாளாக ஆக அவை படிகமாக இறுகுகின்றன. பழைய வீழ்படிவுக்கு அதே அளவு காரம் போதாது.

கையிருப்பில் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லை. அம்மோனியா கரைசலை வைத்து ஈரியல்பைச் சோதிக்கலாமா? துத்தநாக உப்பில் வீழ்படிவு கரைகிறது, அலுமினிய உப்பில் கரையவில்லை.

நீங்கள் பார்த்தது சரி. ஆனால் அதிலிருந்து “துத்தநாகம் ஈரியல்பு, அலுமினியம் அப்படியல்ல” என்று முடிவுகட்டினால் தவறு. இரண்டுமே ஈரியல்பு உடையவைதான்.

அம்மோனியா வலிமை குறைந்த காரம். 1 மோலார் அம்மோனியா கரைசலில் ஹைட்ராக்சைடு அயனியின் செறிவு 0.004 மோலார் அளவுக்குத்தான் இருக்கும். அம்மோனியம் குளோரைடையும் 1 மோலார் அளவுக்குச் சேர்த்தால் அது இன்னும் 200 மடங்குக்கு மேல் குறையும். அலுமினியம் ஹைட்ராக்சைடை வீழ்படிவாக்க இது தாராளம், கரைக்கப் போதாது. உப்புப் பகுப்பாய்வில் அலுமினியத்தைப் பிரிக்க அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் சேர்த்துப் பயன்படுத்துவது இதனால்தான்: வந்த வீழ்படிவு கரையாமல் நிற்கும்.

துத்தநாக ஹைட்ராக்சைடு அம்மோனியாவில் கரைவதற்குக் காரணமே வேறு. அங்கே அம்மோனியா மூலக்கூறுகள் துத்தநாக அயனியோடு நேரடியாகப் பிணைந்து [Zn(NH₃)₄]²⁺ என்ற அணைவு அயனியை உருவாக்குகின்றன. இது அமில-கார இயல்பைக் காட்டும் சோதனை அல்ல. தாமிர ஹைட்ராக்சைடைப் பாருங்கள்: அம்மோனியாவில் அடர்நீலமாகக் கரைகிறது, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை மிகையாக விட்டாலோ அசைவதில்லை. எனவே ஈரியல்பைச் சோதிக்க வேண்டுமானால் சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மக்னீசிய உப்பை ஒரு குழாயில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காரம் விட்டாலும் அந்த வீழ்படிவு அப்படியே இருக்கும்.

அலுமினியம் ஆக்சைடுத் தூளை அமிலத்திலும் போட்டேன், காரத்திலும் போட்டேன். இரண்டிலும் கரையவில்லை. தூள் கலப்படமா?

கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. நன்றாகச் சுட்ட தூளாக இருக்கும். 1100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கப்பட்ட அலுமினியம் ஆக்சைடு, குருந்தக் கல்லின் அமைப்பான ஆல்ஃபா வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அதில் அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் நீர்க்கரைசலிலுள்ள அமிலமோ காரமோ உள்ளே நுழைய வழியில்லை. வேதியியல் இயல்பு மாறிவிடவில்லை, வினையின் வேகம்தான் ஏறத்தாழ நின்றுபோயிருக்கிறது. பாடநூல் சமன்பாடு எது நடக்கும் என்று சொல்கிறதே தவிர எவ்வளவு நேரத்தில் நடக்கும் என்று சொல்வதில்லை.

அதைக் கரைக்க வழி, உருக்குவது. 0.1 கிராம் தூளுக்குச் சுமார் 2 கிராம் பொட்டாசியம் ஹைட்ரஜன் சல்பேட்டைப் பீங்கான் அல்லது சிலிக்கா மூசையில் கலந்து, முதலில் இளஞ்சூட்டில் வையுங்கள். நீர் வெளியேறி அது K₂S₂O₇ ஆக மாறும்போது நுரைத்துப் பொங்கும் என்பதால் அவசரப்படக் கூடாது. நுரை அடங்கியபின் சூட்டைக் கூட்டினால் உருகல் தூளை மெல்ல விழுங்கும்.

Al₂O₃ + 3K₂S₂O₇ → Al₂(SO₄)₃ + 3K₂SO₄

ஆறிய கட்டியை அமிலங்கலந்த வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம். சல்பர் டிரையாக்சைடு புகை வரும். புகைபோக்கி அறைக்குள்தான் செய்ய வேண்டும்.

இங்கே ஆக்சைடு காரமாக நடந்துகொண்டது. அமிலமாக நடக்க வைக்க வேண்டுமானால் சோடியம் ஹைட்ராக்சைடோடு உருக்கலாம், ஆனால் நிக்கல் மூசை வேண்டும். பீங்கானில் இருப்பதே அலுமினாவும் சிலிக்காவும்தான். உருகிய காரம் உங்கள் தூளோடு மூசையையும் சேர்த்துத் தின்னும்.

பேயர் முறையில் பாக்சைட்டைக் காரத்தில் கரைக்கிறார்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடைத் திரும்பப் பெற அமிலம் சேர்ப்பதாக எங்கும் காணோமே?

சேர்ப்பதில்லை, சேர்த்தால் கட்டுப்படியாகாது. விலையுள்ள காரமெல்லாம் சாதாரண உப்பாகிப் போய்விடும்.

கார்ல் ஜோசப் பேயர் 1888-இல் காப்புரிமை பெற்ற முறை இது. பாக்சைட்டை அழுத்தத்தில், தாதுவின் வகையைப் பொறுத்து 140 முதல் 240 டிகிரி வரை சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைக்கிறார்கள். அலுமினியம் [Al(OH)₄]⁻ ஆகக் கரைகிறது. இரும்பு ஆக்சைடுக்குக் காரத்தோடு சேரும் குணம் இல்லாததால் செஞ்சேறாகத் தங்கிவிடுகிறது. ஆக, ஈரியல்பே இங்கே வடிகட்டி.

மேலே முதல் பதிலில் எழுதிய Al(OH)₃ + OH⁻ வினை இருதிசையிலும் போகக்கூடியது. சூட்டில் அது கரையும் பக்கம் சாய்கிறது. வடிகட்டிய கரைசலைக் குளிரவைத்து, ஏற்கெனவே தயாரித்த ஹைட்ராக்சைடுப் படிகங்களை விதையாகத் தூவினால் அவற்றின்மேல் புதிய ஹைட்ராக்சைடு படிந்து வளர்கிறது. விதை இல்லாவிட்டால் குளிர்ந்த கரைசல் மிகைத்தெவிட்டிய நிலையிலேயே நெடுநேரம் கிடக்கும். படிகமாகும்போது OH⁻ திரும்ப விடுபடுவதால், அந்தக் காரம் அடுத்த சுற்றுப் பாக்சைட்டுக்குப் போகிறது.

சிலிக்கா மட்டும் தொல்லை. அது அமில ஆக்சைடு. காரத்தில் கரைந்து, அலுமினியத்தையும் சோடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கரையாத சோடியம் அலுமினோசிலிகேட்டாகப் படிகிறது. சிலிக்கா மிகுந்த தாதுவை ஆலைகள் விரும்பாததற்கு இதுவே காரணம்.

தண்ணீரும் ஈரியல்பு, அலுமினாவும் ஈரியல்பு. இரண்டும் ஒரே பொருளில்தான் சொல்லப்படுகிறதா? அலுமினாவில் ஹைட்ரஜனே இல்லையே, எப்படி அமிலம் ஆகும்?

நல்ல கேள்வி. தண்ணீரின் ஈரியல்பு புரோட்டானை வைத்துச் சொல்வது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேரும்போது தண்ணீர் புரோட்டானை வாங்கி H₃O⁺ ஆகிறது, அதாவது காரம். அம்மோனியாவோடு சேரும்போது புரோட்டானைக் கொடுத்து OH⁻ ஆகிறது, அதாவது அமிலம். எதிரில் நிற்பது யார் என்பதைப் பொறுத்தே வேடம். ஆனால் இரண்டு வேடத்திலும் ஒரே ஈடுபாடு கிடையாது. நீர்த்த கரைசலில் ஹைட்ரஜன் குளோரைடு அநேகமாக முழுவதும் தன் புரோட்டானைத் தண்ணீரிடம் ஒப்படைத்துவிடுகிறது. 1 மோலார் அம்மோனியாவிலோ 1000 மூலக்கூறுகளில் நான்குதான் தண்ணீரிடமிருந்து புரோட்டானைப் பெறுகின்றன.

அலுமினா கொடுக்கப் புரோட்டான் வைத்திருக்கவில்லை. அது அமிலம் ஆவது லூயிஸ் சொன்ன பொருளில்: அதன் அலுமினியம், ஹைட்ராக்சைடின் எலக்ட்ரான் இணையை ஏற்றுக்கொள்கிறது. ஆக, புரோட்டானைக் கொடுத்து வாங்கும் பொருளெல்லாம் ஈரியல்பு உடையது; ஈரியல்பு உடையதெல்லாம் புரோட்டான் கொடுக்க வேண்டியதில்லை.

நீரில் கரைந்த அலுமினியம் அயனி மட்டும் இரண்டையும் இணைக்கும் பாலம். அது ஆறு நீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் பிடித்திருக்கிறது. அளவில் சிறிய அந்த அயனியில் மூன்று நேர்மின்சுமை இருப்பதால் அந்த நீரின் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுத்து, புரோட்டானை எளிதாகக் கழலவைக்கிறது. அதன் pKa சுமார் 5. அசிட்டிக் அமிலத்துக்கு 4.76. நீல லிட்மசை அலுமினியம் குளோரைடு சிவப்பாக்குவது இதனால்தான், 0.1 மோலார் கரைசலின் pH ஏறக்குறைய 3. புரோட்டான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போனால் வரும் இடைப்படிதான் அந்த வெள்ளைக் கூழ்.

வெந்நீரின் pH 6.5 என்று அளவுமானி காட்டுகிறது. தூய நீர் சூடானால் அமிலமாகிறதா?

இல்லை. இரண்டு நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே, ஒன்று அமிலமாகவும் மற்றொன்று காரமாகவும், புரோட்டானைப் பரிமாறிக்கொள்கின்றன. 25 டிகிரியில் ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒரு H₃O⁺ இருக்கும். சூடு ஏற ஏற இந்தப் பரிமாற்றம் கூடுகிறது. 60 டிகிரியில் H₃O⁺, OH⁻ இரண்டின் செறிவும் சமமாக உயர்ந்து, pH, pOH இரண்டும் 6.5 ஆகின்றன. இரண்டும் சமம் என்றால் நடுநிலை. 7 என்பது 25 டிகிரிக்கான நடுநிலை மட்டுமே.

குளிர்ந்த வாலைவடிநீர் 5.7 காட்டினால் விஷயம் வேறு. திறந்த கலத்தில் நின்ற நீர் காற்றிலிருந்து கார்பன் டையாக்சைடை உறிஞ்சியிருக்கும். அது உண்மையான அமிலத்தன்மைதான். கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் முள் அலைபாய்ந்தால் மானியைக் குறை சொல்ல வேண்டாம்: தூய நீரில் அயனிகள் மிகக் குறைவு என்பதால் மின்முனை நிலைப்பட நேரம் எடுக்கும். துளியளவு பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் அளவு சீக்கிரம் நிற்கும்.